சம்பளக் கணக்கை வெளியே கொடுக்கலாமா? 120 பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை யூனிட்டை வைத்து முழுக் கணக்கு

"ஆளுக்கு மாதம் 100 ரூபாய் கேட்கிறார்கள் அண்ணா. 120 பேருக்கு 12,000. என் கணக்கருக்கு மட்டும் 24,000 கொடுக்கிறேன். பாதிச் செலவில் முடிந்துவிடும் அல்லவா?" திருப்பூரில் யூனிட் நடத்தும் இளைய நண்பர் ஒருவர், சம்பளக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியலை நீட்டியபடி கேட்டார். நான் பல ஆண்டுகள் பின்னலாடை யூனிட்டுகளில் சம்பளக் கணக்குப் பார்த்தவன். இந்த ஒப்பீட்டில் இரண்டு தவறுகள் இருப்பது எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் கணக்கர் சம்பளக் கணக்கை மட்டும் பார்ப்பவர் அல்லர். மேலும், 12,000 கொடுத்த பிறகும் சம்பள வேலையில் பெரும்பகுதி யூனிட்டிலேயேதான் இருக்கும்.

அன்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மணிநேரங்களும் கட்டணங்களும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டம் சார்ந்த விகிதங்களும் தேதிகளும் உண்மையானவை.

யூனிட் இப்படிப்பட்டது. மொத்தம் 120 பேர். அவர்களில் 90 பேர் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் பிரிவுகளில் ஷிப்ட் கணக்கில் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம். மீதி 30 பேர் மாதச் சம்பளக்காரர்கள். ஒரு கணக்கர், அவருக்கு ஒரு சம்பள மென்பொருள், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு வெளியில் ஓர் ஆலோசகர்.

படி 1: ஒரு மாதம் முழுக்க நேரத்தை அளந்து எழுதுங்கள்

விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். சம்பளம் தொடர்பாக எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதைக் கணக்கர் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரட்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால், எல்லோரும் கணக்கிடும் நேரத்தைக் கூட்டியும் மற்றதைக் குறைத்தும்தான் சொல்வார்கள். அன்றன்று எழுதியதே பயன்படும்.

நம் யூனிட்டில் மாதத்துக்கு 88 மணிநேரம் வந்தது. அதில் சம்பளத்தைக் கணக்கிடுவதற்கு ஆனது வெறும் 12 மணிநேரம். வருகைப் பதிவைச் சரிசெய்வதற்கு மட்டும் 30 மணிநேரம் போயிருந்தது. கைரேகைக் கருவியில் விரல் பதியாதவர், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வெளியேறும்போது பதிய மறந்தவர், நடுவில் வேறு லைனுக்கு மாற்றப்பட்டவர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டு வர வேண்டியிருந்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாக்கலுக்கு 14 மணிநேரம். பணம் அனுப்புவதற்கும் அட்வான்ஸ் கழிப்பதற்கும் 10. "எனக்கு ஏன் இந்த வாரம் 300 ரூபாய் குறைகிறது" என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல 12. ஆள் சேர்ப்பு, விலகல், பதிவேடுகளுக்கு 10.

இந்தப் பிரிவினையைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். வெளிநிறுவனம் எடுத்துக்கொள்ளப்போவது கணக்கிடுவதையும் தாக்கல் செய்வதையும்தான். தையல் லைனில் யார் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார்கள் என்பதை அதன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எவராலும் சொல்ல முடியாது.

படி 2: இப்போதைய உண்மைச் செலவு

கணக்கரின் சம்பளம் 24,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, விடுப்பு முதலியவற்றைச் சேர்த்தால் மாதம் 27,000 ஆகிறது. 26 நாள், நாளுக்கு 8 மணிநேரம் என்றால் 208 மணிநேரம். ஆக, அவருடைய ஒரு மணிநேரத்தின் விலை ஏறக்குறைய 130 ரூபாய். சம்பள வேலைக்குப் போகும் 88 மணிநேரத்துக்கு 11,440.

இதனோடு மென்பொருளுக்கு மாதம் 1,500, ஆலோசகருக்கு 2,000 சேர்கிறது. முதலாளி பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திடச் செலவழிக்கும் நேரத்துக்கும் ஒரு விலை வையுங்கள். நான் 2,000 வைத்தேன். பெரும்பாலோர் விட்டுவிடும் ஒன்று, கடந்த இரண்டு ஆண்டுகளில் தாமதத்துக்கும் தவறுக்கும் கட்டிய வட்டியும் அபராதமும். வங்கிக் கணக்கிலும் செலுத்துச் சீட்டுகளிலும் தேடிக் கூட்டி 24-ஆல் வகுங்கள். நண்பரின் யூனிட்டில் 19,200 ரூபாய் இருந்தது, மாதத்துக்கு 800.

மொத்தம் 17,740 ரூபாய். முன்னர் நண்பர் சொன்ன 24,000 அன்று.

படி 3: வெளியே கொடுத்த பிறகு மீதமிருக்கும் செலவு

வெளிநிறுவனக் கட்டணம் 12,000. தொடக்கத்தில் தரவுகளை ஏற்றித் தருவதற்கு 30,000 கேட்டார்கள். மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 833. இந்தச் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஏற்றுமதி செய்பவர்கள் பொதுவாக அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இங்கே சேர்க்கவில்லை. வரியை அப்படி எடுக்க முடியாத தொழில் உங்களுடையது என்றால் கட்டணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். மூன்று வழிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். மூன்றாவது வழி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாக்கலை மட்டும் உள்ளூர் ஆலோசகரிடம் கொடுத்துவிட்டுச் சம்பளக் கணக்கை யூனிட்டிலேயே வைத்துக்கொள்வது.

| வேலை (மாத மணிநேரம்) | இப்போது | முழுவதும் வெளியே | தாக்கல் மட்டும் வெளியே |
|---|---|---|---|
| வருகைப் பதிவைச் சரிசெய்தல் | 30 | 30 | 30 |
| கணக்கிடுதல் அல்லது சரிபார்த்தல் | 12 | 4 | 12 |
| பணம் அனுப்புதல், அட்வான்ஸ் | 10 | 6 | 10 |
| பி.எஃப்., இ.எஸ்.ஐ. | 14 | 2 | 2 |
| தொழிலாளர் கேள்விகள் | 12 | 15 | 12 |
| சேர்க்கை, விலகல், பதிவேடு | 10 | 5 | 6 |
| மொத்தம் | 88 | 62 | 72 |

தொழிலாளர் கேள்விகளுக்கான நேரம் வெளியே கொடுத்தால் கூடுகிறதே என்று நண்பர் கேட்டார். தையல்காரர் ஒருவர் கணக்கரிடம் வந்து நிற்கும்போது, தானே போட்ட கணக்கு என்றால் கணக்கர் உடனே பதில் சொல்வார். வேறொருவர் போட்ட கணக்கு என்றால், முதலில் தான் புரிந்துகொள்ள வேண்டும்; புரியாவிட்டால் மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தத் தொழிலாளி இரண்டு முறை வந்து போய்விடுவார்.

முழுவதும் வெளியே கொடுத்தால் 62 மணிநேரத்துக்கு 8,060, கட்டணமும் தொடக்கச் செலவும் 12,833, முதலாளியின் நேரம் 2,000. மொத்தம் 22,893. இப்போதைய செலவைவிட மாதம் 5,153 ரூபாய் அதிகம். அபராதம் அறவே நின்றுவிடும், மென்பொருளும் ஆலோசகரும் தேவையில்லை என்று வைத்துக்கொண்டே இந்தத் தொகை வருகிறது.

கையிலிருந்து போகும் பணத்தை மட்டும் பார்த்தால் இன்னும் மோசம். மிச்சமாகும் 26 மணிநேரத்துக்காகக் கணக்கரின் சம்பளத்தைக் குறைக்கப்போவதில்லை. அந்த நேரத்தில் பாக்கி வசூலோ ஜி.எஸ்.டி. ஒப்பிடுதலோ நடந்தால்தான் அது மிச்சம். அப்படி ஒரு வேலை காத்திருக்கிறதா என்பதைப் பெயர் சொல்லி எழுத முடியாவிட்டால், 26 மணிநேரத்தின் மதிப்பைப் பூஜ்யம் என்றே வையுங்கள். அப்போது கூடுதல் செலவு மாதம் 8,533 ஆகிவிடும்.

மூன்றாவது வழியில் ஆலோசகருக்கு மாதம் 5,000 என்று பேசினோம். 72 மணிநேரத்துக்கு 9,360, மென்பொருள் 1,500, முதலாளியின் நேரம் 2,000. மொத்தம் 17,860. இப்போதையதைவிட 120 ரூபாய் மட்டுமே கூடுதல். அந்த 120 ரூபாய்க்கு, தேதி தவறினால் அடி விழும் வேலை, அதையே தொழிலாகச் செய்பவரிடம் போய்விடுகிறது.

இந்த யூனிட்டுக்கு அதுதான் சரியான வழி என்று நான் சொன்னேன். முக்கியக் காரணம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்த பிறகுதான் வாரக் கணக்கு மூடப்படுகிறது. சனிக்கிழமை மாலை பணம் போயாக வேண்டும். நடுவில் இருக்கும் சில மணிநேரத்துக்குள் தரவை அனுப்பி, அவர்கள் போட்டு, நீங்கள் சரிபார்த்து, தவறைத் திருத்தி மறுபடி வாங்குவது நடக்காத காரியம். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிச் செல்பவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். ஆள் வருவதும் போவதும் அதிகமாக இருக்கும் தொழிலில், அந்த இரண்டு நாள் வெளியாருடன் மின்னஞ்சல் பரிமாறவே போதாது.

இதே கணக்கை 60 பேர் உள்ள ஒரு கோயம்புத்தூர் மென்பொருள் அலுவலகத்துக்குப் போட்டால் விடை மாறும். எல்லோருக்கும் மாதச் சம்பளம், ஓவர்டைம் இல்லை, வருகைப் பதிவில் திருத்தம் மாதத்துக்கு மூன்று நான்கு மணிநேரம்தான். அங்கே நேரமெல்லாம் வருமான வரிப் பிடித்தத்திலும் தாக்கலிலும் போகிறது. அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம். அங்கே இன்னொரு நியாயமான காரணமும் உண்டு: பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் யாருக்கும் தெரியக்கூடாது.

எப்படியானாலும், அந்த 30 மணிநேரத்தை முதலில் தொட்டாக வேண்டும். ஷிப்ட் முடியும்போதே விடுபட்ட பதிவுகளைச் சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் பாதியாகிவிடும். 14 மணிநேரமாகக் குறைந்தால் மாதம் 2,080 ரூபாய் மிச்சம். அதற்கு எந்த நிறுவனத்தையும் அமர்த்த வேண்டியதில்லை. கலைந்து கிடக்கும் வருகைப் பதிவை வெளியே அனுப்பினால், கலைந்த சம்பளம்தான் திரும்பி வரும்.

படி 4: கட்டுப்பாடு என்பது நான்கு சாவிகள்

கணக்கு யூனிட்டுக்குள் இருந்தாலே கட்டுப்பாடும் நம்மிடம் இருக்கிறது என்பது தவறான நம்பிக்கை. ஒரே கணக்கர் ஆளைச் சேர்த்து, வருகையைத் திருத்தி, சம்பளத்தையும் போட்டு, வங்கிப் பட்டியலையும் தயாரித்தால், தொழிற்சாலைக்கே வராத ஓர் ஆளுக்குச் சம்பளம் போவதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. மாதம் ஒருமுறை நான்கு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: வருகைப் பதிவில் இருக்கும் ஆட்கள், சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள், பி.எஃப். தாக்கலில் இருப்பவர்கள், வங்கியிலிருந்து பணம் போனவர்கள். எண்ணிக்கை வேறுபட்டால் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கேளுங்கள். ஒரே வங்கிக் கணக்கு எண் இரண்டு பெயர்களுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். கணவன் மனைவி என்றால் அதற்கு விளக்கம் உண்டு. மற்றபடி இல்லை.

வெளியே கொடுக்கும்போது நீங்கள் விடவே கூடாத முதல் சாவி பணம். சம்பளப் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தொழிலாளியின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையும் உங்கள் கணக்கிலிருந்தே அரசின் இணையதளம் வழியாகப் போக வேண்டும். "எங்களிடம் மொத்தமாக அனுப்பிவிடுங்கள், நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய மைபேரோல்ஹெச்ஆர் என்ற நிறுவனம் திடீரென்று மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் சம்பளத்துக்காகக் கொடுத்திருந்த பணத்தை அதன் உரிமையாளர் வேறு கணக்குக்குத் திருப்பியிருந்தார். தொழிலாளர்கள் பலருடைய கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்ட சம்பளம்கூடத் திரும்ப எடுக்கப்பட்டது. அந்த உரிமையாளருக்கு 2021-இல் 12 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வாரம் வாடகை கொடுக்க முடியாமல் நின்றவர்களுக்கு அதனால் என்ன பயன்?

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கூர்மை உண்டு. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பி.எஃப். பங்கைக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படுகிறது. ஆலோசகரிடம் கொடுத்துவிட்டேன், அவர் கட்டவில்லை என்பது அங்கே விடையாகாது. நிறுவனத்தின் பெயரில்தான் நோட்டீஸ் வரும்.

இரண்டாவது சாவி, அரசு இணையதளங்களின் நுழைவு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. தளங்களில் பதிவான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பக் கருவி உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில், பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்து கொடுத்த ஆலோசகர் தன் கைப்பேசி எண்ணையே போட்டிருந்தார். கட்டணம் பற்றி மனத்தாங்கல் வந்து அவர் விலகியபோது, ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அவருக்கே போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்றி எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்கு நடந்து, இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் 15-ஆம் தேதி நெருங்கும்போது எங்களுக்குத் தூக்கம் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிதான் கெடு. தாமதமான பி.எஃப். தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் தனி அபராதமும் உண்டு.

மூன்றாவது, மாற்றங்களுக்கான ஒப்புதல். புதிய பெயர், வங்கிக் கணக்கு எண் மாற்றம், சம்பள உயர்வு ஆகிய மூன்றும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பட்டியலில் ஏறக்கூடாது. ஒவ்வொரு முறையும் "சென்ற மாதத்திலிருந்து மாறியவை" என்று ஒரு தனித் தாளைக் கேளுங்கள். முதலாளி 120 வரிகளைப் படிக்கமாட்டார். ஆறு வரிகளைப் படிப்பார்.

நான்காவது, தரவு. ஆதார் எண், வங்கிக் கணக்கு, குடும்ப விவரம் எல்லாம் அங்கே போகின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டம், வேறொருவரிடம் கொடுத்துச் செய்வித்தாலும் பொறுப்பைத் தரவைத் திரட்டிய நிறுவனத்தின் மீதே வைக்கிறது. ஒவ்வொரு மாதமும் முழுத் தரவையும் எக்செல் வடிவில் வாங்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் மட்டும் தருவேன் என்பவரிடமிருந்து நாளை வெளியே வருவது கடினம்.

பொருள் விநியோகத்தை வெளியே கொடுப்பவர்களுக்கும் இதே கேள்விகள் உண்டு. ஆனால் அங்கே பெட்டி போய்ச் சேராவிட்டால் அன்று மாலையே வாடிக்கையாளர் அழைத்துவிடுவார். பி.எஃப். கட்டாமல் விட்டது, தொழிலாளி தன் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவரும். அதனால்தான் சாவிகளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

படி 5: பத்துக் கடினமான ஆட்களை வைத்துச் சோதியுங்கள்

சேவை தருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுடைய விளக்கப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் யூனிட்டின் பழைய மாதம் ஒன்றிலிருந்து, பெயரையும் எண்களையும் மாற்றிப் பத்து ஆட்களின் விவரத்தைக் கொடுத்து, சம்பளம் போட்டுத் தரச் சொல்லுங்கள். சாதாரண ஆட்களைக் கொடுத்தால் எல்லோரும் சரியாகவே போடுவார்கள்.

நான் தவறாமல் வைக்கும் ஆள் இவர். ஏப்ரலில் சம்பளம் 20,500. ஜூனில் உயர்வு பெற்று 21,800 ஆகிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்பதால் ஜூனிலேயே பிடித்தத்தை நிறுத்திவிடுவார்கள் சிலர். அது தவறு. இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவருக்கு அந்தக் காலம் முடியும்வரை பிடிக்க வேண்டும். அதுவும் 21,800-க்குப் பிடிக்க வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனப் பங்கு 3.25 சதவீதம். நடுவில் நிறுத்தினால், அவர் உடல்நலம் குன்றிப் படுத்தபோது உதவித்தொகைக்கான பங்களிப்பு நாட்கள் குறைந்துபோகலாம்.

அடுத்தது ஓவர்டைம் பார்த்தவர். 2025 நவம்பருக்கு முந்தைய இ.எஸ்.ஐ. விதிகளில் ஓவர்டைம் பணம் 21,000 வரம்பைப் பார்க்கும்போது சேரவில்லை. ஆனால் பங்களிப்பைக் கணக்கிடும்போது சேர்ந்தது. பி.எஃப்.க்கு ஓவர்டைம் சேராது. ஒரே தொகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை. இப்போது எப்படி என்று கேட்டவுடன் தயங்காமல் சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

58 வயது தாண்டியவரையும் வையுங்கள். அவருக்கு ஓய்வூதியப் பங்கு 8.33 சதவீதம் பிரிக்கக்கூடாது. நிறுவனப் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். மாதத்தின் நடுவில் சேர்ந்தவர், மகப்பேறு விடுப்பில் இருப்பவர், அட்வான்ஸ் நிலுவையோடு விலகியவர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டால் பத்து நிரம்பிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதித் தொகை ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். உங்கள் பட்டியலில் யார் யாருக்கு இது பொருந்தும் என்று கேளுங்கள். "மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்பது பதில் ஆகாது.

படி 6: ஒப்பந்தமும் மாறும் தேதியும்

ஒப்பந்தத்தில் பல பக்கங்கள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை சில வரிகள்தான். நீங்கள் தரவைக் குறித்த நேரத்தில் கொடுத்தும் அவர்கள் தாமதித்தால் வட்டியும் அபராதமும் யாருடையது? தவறு கண்டால் எத்தனை மணிநேரத்தில் திருத்தித் தருவார்கள்? வாரச் சம்பளம் அல்லது கூடுதல் பட்டியல் போட்டால் தனிக் கட்டணம் உண்டா? பிரிந்து போகும்போது எந்த வடிவில், எத்தனை நாளில் தரவைத் திருப்பித் தருவார்கள்? தாமதத்துக்கான பொறுப்பைத் தங்கள் ஒரு மாதக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்வதாக எழுதியிருப்பார்கள். 5,000 ரூபாய்க் கட்டணம் வாங்குபவரிடம் அளவற்ற பொறுப்பைக் கேட்பது நடக்காது. ஆனால் வட்டியையும் அபராதத்தையும் மட்டுமாவது முழுமையாக ஏற்கச் சொல்லுங்கள். தொகை அவருக்கும் தாங்கக்கூடியது. தேதியின் பயமும் அவரிடம் போய்ச் சேரும்.

மாறுவதற்கு ஏப்ரல் அல்லது அக்டோபர் நல்லது. இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலமும், உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டும் தொழில் வரியின் அரையாண்டும் அப்போதுதான் தொடங்குகின்றன. ஏப்ரல் என்றால் வருமான வரி ஆண்டும் சேர்ந்துகொள்ளும். நடுவில் மாறினால் பழைய மாதங்களின் எண்களைத் தனியாக ஏற்ற வேண்டும்; தவறுகள் நுழைவது அந்த இடத்தில்தான். ஆனால் அக்டோபரே ஆனாலும், அது தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் மாறவே வேண்டாம். போனஸும் சம்பளமும் ஒன்றாக வரும் நேரத்தில் புதியவரைப் பழக்க முடியாது.

மாறும் முன் இரண்டு மாதம் இரண்டு இடத்திலும் கணக்குப் போடுங்கள். மொத்தத் தொகை ஒத்துப்போனால் நிம்மதியடைய வேண்டாம். ஒருவருக்கு 400 கூடி இன்னொருவருக்கு 400 குறைந்திருந்தாலும் மொத்தம் ஒன்றாகவே இருக்கும். ஆள்வாரியாக ஒப்பிட்டு, ஒரு ரூபாய் வேறுபாட்டுக்கும் காரணம் எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில், முதல் மாத வேறுபாடுகளில் கணிசமானவை நம் பக்கத்துப் பழைய தவறுகளாகவே இருக்கும். அவற்றைத் தொழிலாளியிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த ஒப்பீட்டைச் செய்யும்போது உங்கள் கணக்கருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் வெளிவரும். இன்னாருக்கு வண்டிச் செலவு 50 ரூபாய் உண்டு, இன்னாருக்கு இரவு ஷிப்ட் என்றால் சாப்பாட்டுக் காசு உண்டு என்பவை எந்த மென்பொருளிலும் இருக்காது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கனடா அரசு 2016-இல் ஃபீனிக்ஸ் என்ற புதிய சம்பள முறைக்கு மாறியபோது, துறைதோறும் இருந்த சம்பள அலுவலர் பணியிடங்களைக் குறைத்து, வேலையை மிராமிச்சி என்ற ஒரே ஊருக்குக் கொண்டுபோனது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் தவறாக வந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, மிச்சம் என்று எண்ணியதையெல்லாம் விழுங்கிவிட்டது. ஆட்களை அனுப்பியபோது, எங்கும் எழுதப்படாத அந்த விவரங்களும் அவர்களோடு போய்விட்டன.

ஆகவே தாக்கலை வெளியே கொடுத்தாலும், கணக்கரை உடனே வேறு வேலைக்கு மாற்றாதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு நம் பக்கம் மீதமிருக்கும் அந்த இரண்டு மணிநேரச் சரிபார்ப்பை முதல் ஆறு மாதம் அவரே செய்யட்டும்.

படி 7: ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி

"கட்டியாயிற்று" என்ற குறுஞ்செய்தியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 16-ஆம் தேதி காலையில் உங்கள் நுழைவிலேயே பி.எஃப். தளத்தைத் திறந்து, அந்த மாதச் செலுத்துச் சீட்டின் டி.ஆர்.ஆர்.என். எண்ணையும் தொகையையும் வங்கிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். சீட்டு உருவாக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு, பணம் சேர்ந்தது என்பது வேறு. தளத்தில் அந்த நிலை தெளிவாகத் தெரியும். இ.எஸ்.ஐ.க்கும் இதையே செய்யுங்கள். பிறகு மூன்று தொழிலாளர்களை, ஒவ்வொரு மாதமும் வேறு மூவரை, அழைத்து அவர்களுடைய கைப்பேசியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதிவு ஏற ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போகலாம் என்பதால் முந்தைய மாதங்களைப் பாருங்கள்.

நண்பர் தாக்கலை மட்டும் வெளியே கொடுத்தார். மூன்றாவது மாதப் பார்வையில், ஒரு செக்கிங் தொழிலாளியின் பாஸ்புக்கில் எதுவுமே ஏறவில்லை. பழைய வேலையிடத்தில் பெற்ற பி.எஃப். எண் இருந்தும் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கியிருந்தார்கள். பணமெல்லாம் அவர் அறியாத அந்த எண்ணில் சேர்ந்திருந்தது. கணக்கர் அன்று மாலையே ஆலோசகரை அழைத்து, இரண்டு எண்களையும் இணைப்பதற்கான விண்ணப்பத்தைப் போட வைத்தார்.